ஆறாம் கட்டத்தின் கடைசி வரி

முடிந்துவிட்டது என்று எழுத வேண்டுமானால் எதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்? சுவர் பூசியாகிவிட்டது, அது கண்ணுக்குத் தெரிகிறது, எழுதலாம். டைல் ஒட்டியாகிவிட்டது, அதுவும் தெரிகிறது. டைலுக்கு அடியில் இருப்பதை எப்படி எழுதுவது? அண்ணன் சொன்னான் என்று எழுதலாமா? அவன் சொன்னதை நானே பக்கத்தில் நின்று பார்த்தது போலத்தானே எப்போதும் எழுதுகிறேன்? அப்படியானால் இதுவரை எழுதியதெல்லாம் நான் பார்த்ததா, அவன் பார்த்ததா?

"என்ன கமா, தூங்கிட்டியா?"

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தான். அவன் உள்ளே வந்தது அவளுக்குத் தெரியவில்லை. கமா என்பது அவன் வைத்த பெயர். அவன் எழுதிக் கொடுக்கும் கடிதங்களில் மூச்சு விட இடம் இருக்காது. அவள் அங்கங்கே கமா போட்டு நிறுத்தி நிறுத்தி வைப்பாள். அதில் வந்தது. இப்போது வேலையிடத்தில் கொத்தனார்கள்கூட 'கமா அக்கா வருது' என்கிறார்கள்.

"தூங்கல. உன் லெட்டரைப் படிச்சிட்டிருக்கேன்."

"படிக்க என்ன இருக்கு அதுல? நாலு வரி."

"மேற்படி கட்டத்தின் வேலைகள் யாவும் இனிதே நிறைவேறியபடியால் தொகையைக் காலதாமதமின்றி அனுப்பி வைக்கவும்." அவள் சத்தமாகவே படித்தாள். "இனிதே நிறைவேறிச்சாம். பில்லுக்கு எழுதுறியா, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறியா?"

"ரெண்டுலயும் கடைசில மொய்தானே வரணும்" என்று சிரித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினான்.

அலுவலகம் என்று பெயர்தானே தவிர, அது அண்ணன் வீட்டின் முன்னறை. தெருப்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு. ஓரத்தில் டைல் மாதிரிகள், குழாய்த் துண்டுகள், பெயிண்ட் நிறங்கள் அச்சிட்ட அட்டை. அவளுடைய மேசை சன்னலை ஒட்டி. பின்பக்கக் கதவைத் திறந்தால் அண்ணியின் சமையலறை. மாடியில் அவளுடைய அறை. அந்த அறைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்த முதல் மாதம் சும்மா இருக்கப் பிடிக்காமல் அண்ணனின் ஒரு கடிதத்தைத் திருத்திக் கொடுத்தாள். அதற்குப் பணம் உடனே வந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த மேசை அவளுடையதாகிவிட்டது.

வங்கிக் கடனில் அண்ணன் கட்டித் தரும் நர்ஸம்மா வீட்டின் ஒப்பந்தம் அவளுக்கு மனப்பாடம். வேலையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். அஸ்திவாரம் ஒன்று, அடித்தளம் வரை ஒன்று, கீழ்த்தளக் கூரை ஒன்று என்று போகும். ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகே அந்தக் கட்டத்துக்கான பங்கைக் கேட்க முடியும். முடியும் முன்பு கேட்டால் வங்கி தராது. பாதி முடிந்ததற்குப் பாதியும் தராது. வங்கியிலிருந்து ஒருவர் வந்து சுற்றிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரிவதை அவர் பார்த்துக்கொள்வார். தெரியாததற்குக் கடிதம்தான் சாட்சி.

ஆகவே அவளுடைய கடிதங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டாகியிருந்தது. முதலில் இது எத்தனையாவது கட்டம், ஒப்பந்தத்தில் அதற்கு என்ன எழுதியிருக்கிறது என்பது. அடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு வேலையும் எந்த அறையில் எப்படிச் செய்யப்பட்டது. பிறகு தொகை, அதில் முன்பணத்துக்காகக் கழிக்கும் பங்கு, மிச்சம். கூடவே படங்கள். இதில் எதையும் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பணம் கொடுப்பவள் தூரத்து ஊரில் இருக்கிறாள், வீட்டை வந்து பார்க்க முடியாது, அவளுக்கு என்னவெல்லாம் கேட்கத் தோன்றும் என்று யோசித்ததில் வந்தது.

ஆறாம் கட்டத்துக்கு ஒப்பந்தத்தில் மூன்று வேலை. உள்பூச்சு. குளியலறைத் தளங்களில் நீர் கசியாமல் தடுக்கும் பூச்சு. அந்தத் தளங்களில் தண்ணீர் தேக்கி மூன்று நாள் வைத்து, கீழே ஈரம் இறங்கவில்லை என்று பார்ப்பது. டைல் ஏழாம் கட்டம்.

முதல் இரண்டையும் அவள் எழுதிவிட்டாள். மூன்றாவதில்தான் விரல் நின்றது.

"அண்ணா, மேல் பாத்ரூம்ல தண்ணி தேக்கிப் பார்த்தோமா?"

"பார்த்தோமே."

"எப்ப? நீ சொல்லவே இல்லையே?"

"நான் எதுக்குச் சொல்லணும், வானமே சொல்லிச்சே." அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "மழை வந்துச்சுல்ல? மாடிப்படி மேல மூடாம கெடந்துச்சு. மொட்டைமாடித் தண்ணி பூரா படி வழியா இறங்கி நேரா அந்த பாத்ரூம் பள்ளத்துல போய் நின்னுச்சு. ஒரு வாரம் நின்னுச்சு கமா. தவளை வந்து குடித்தனம் பண்ணாத குறை. கீழ் ரூம்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல. மூணு நாள் கேட்டாங்க, நாம ஏழு நாள் காட்டிட்டோம்."

அவள் யோசித்தாள். குளியலறைத் தளத்தை மற்ற தளத்தைவிடத் தாழ்வாக வார்ப்பார்கள், குழாய்கள் அந்தப் பள்ளத்துக்குள் ஓடுவதற்காக. அதில் தண்ணீர் நிற்கும்தான்.

"மழைக்கு முன்னாடியே அந்தத் தடுப்புப் பூச்சு அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு. பூச்சுக்காரன் வேற சைட்டுக்குப் போறேன்னான், அதனால முதல்லயே அடிக்க வச்சிட்டேன். எல்லாம் ஒழுங்கா இருக்கு. எழுது."

அவன் சொன்னதில் குறை எதுவும் தென்படவில்லை. தண்ணீர் தண்ணீர்தானே, குழாயிலிருந்து வந்தால் என்ன, வானத்திலிருந்து வந்தால் என்ன? இருந்தும் ஏதோ ஒன்று சரியாக உட்காராமல் ஆடியது, ஒரு கால் குட்டையான நாற்காலி போல. எந்தக் கால் குட்டை என்று அவளுக்குத் தெரியவில்லை. இது அவளுக்குப் புதிதல்ல. பிறர் தெளிவாகச் சொல்லும்போதெல்லாம் தனக்குத்தான் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு பழகியவள். கணவன் வீட்டில் ஆறு வருடம் அப்படித்தான் போயிற்று. அவன் எதையும் தெளிவாகச் சொல்வான். கேட்டு முடிக்கும்போது சரியென்றுதான் இருக்கும். அறைக்குள் தனியாக வந்த பிறகு எது சரியென்று தலையாட்டினோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

'தளத்தில் ஒரு வாரம் நீர் தேங்கியிருந்த நிலையில்' என்று தட்டினாள். அழித்தாள்.

தொலைபேசி அடித்தது. நர்ஸம்மா.

"பேசலாமாம்மா? வேலையா இருக்கீங்களா?"

"சொல்லுங்கக்கா. உங்க லெட்டர்தான் எழுதிட்டிருக்கேன்."

"அப்பாடா. பேங்க்ல இந்த வாரத்துக்குள்ள கொடுத்தா இந்த மாசமே பார்த்துடுவாங்களாம். இல்லன்னா தள்ளிப் போயிடும்." நர்ஸம்மாவின் குரல் எப்போதும் பாதித் தூக்கத்தில் இருக்கும். இரவுப் பணி. பகலில் உறங்குகிறவள். "இங்க மேல் வீட்டுக்காரங்க பாத்ரூம் ஒழுகி, என் கட்டில நடு ரூமுக்கு இழுத்துப் போட்டிருக்கேன். சுவரெல்லாம் பூஞ்சை. ஒரு தலையணை உறை காயாது. அதனாலதான் உங்க அண்ணன்கிட்ட மொதல்லயே சொன்னேன், எனக்கு ஹால் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, பகல்ல இருட்டா, ஈரமில்லாம தூங்க ஒரு ரூம் வேணும்னு."

"தெரியும்க்கா. கீழ் ரூம்."

"ஆமா, மேல் பாத்ரூமுக்கு நேர் கீழ. வேற இடம் இல்லன்னுட்டாங்க. அதான் அந்தத் தண்ணி டெஸ்ட் விஷயத்தை அக்ரிமெண்ட்ல நானே கேட்டுப் போடச் சொன்னேன். அது ஆயிடுச்சுல்ல?"

அவள் சன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். அண்ணன் அதற்குள் வெளியே போய் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எழுதிட்டிருக்கேன்க்கா" என்றாள். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. நர்ஸம்மா கவனிக்கவில்லை.

"நீங்க எழுதினா சரி. உங்க லெட்டரைத்தான் நான் நடந்து பார்க்குறேன், தெரியுமா? கதவு இங்க, சன்னல் இங்கன்னு. படிச்சிட்டுத் தூங்கிடுவேன்."

படங்கள் எடுப்பதற்காக அவள் வேலையிடத்துக்குப் போனாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அவளே போய் எடுப்பது வழக்கம். உண்மையில் இன்று படத்துக்காகப் போனாளா, வேறெதற்காகவா என்று ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கே தெளிவாகவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. என்ன தெரிய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

வீடு வெளியில் இன்னும் பூசாமல் செங்கல்லாக நின்றது. உள்ளே மட்டும் சுவர்கள் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தன, வெளியே அழுக்குச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே புதுசு போட்டவன் போல. மேஸ்திரி மணல் சலித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஏதோ கத்திவிட்டு அவளைப் பார்த்ததும் குரலைத் தணித்தார்.

"வாங்கம்மா. போட்டோவா? நில்லுங்க, தலை சீவிட்டு வரேன்."

"உங்களை இல்ல மேஸ்திரி, சுவரை."

"சுவர் என்னைவிட அழகா இருக்குங்கிறீங்க. சரி, ஒத்துக்கிறேன், பூசுனது நான்தானே."

கீழ் அறைக்குள் போனாள். சன்னலுக்கு இன்னும் கதவு இல்லை. ஆனாலும் அறை தணிவாக, அரை இருட்டாக இருந்தது. கட்டில் எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். போன கடிதத்தில் அதை எழுதியிருக்கிறாள். அந்த இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கூரையில் கறை எதுவும் இல்லை. சாரத்தில் ஒரு படி ஏறிக் கையை நீட்டி உள்ளங்கையைப் பதித்தாள். சில்லென்றிருந்தது. ஈரமா, குளிர்ச்சியா? கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கன்னமும் எதையும் சொல்லவில்லை.

"புதுப் பூச்சு அப்படித்தான்மா இருக்கும்" என்றார் மேஸ்திரி வாசலிலிருந்து. "காஞ்சாலும் கொஞ்ச நாளைக்குச் சில்லுன்னுதான் இருக்கும்."

"ஈரம் இருந்தாலும் இப்படித்தானே இருக்கும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான்."

மேல் குளியலறையில் டைல் வேலை முடிந்திருந்தது. வெளிர் பச்சை. மூலைகள் ஒன்றோடொன்று நேராகச் சேர்ந்திருந்தன. ஒட்டியவர்கள் வாசலில் உட்கார்ந்து சாமான்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாளை வேறு இடத்துக்குப் போகிறார்களாம். ஏழாம் கட்டத்து வேலை முடிந்து பளபளக்கிறது, ஆறாம் கட்டத்தின் கடைசி வேலை எங்கே இருக்கிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அழகாக இருப்பது ஒரு பதில் போலவே இருந்தது. இவ்வளவு நேர்த்தியாக மூடியிருப்பவர்கள் அடியில் மட்டும் அரைகுறையாகவா விட்டிருப்பார்கள்? நான் ஏன் சந்தேகப்படுகிறேன்? அண்ணனையா சந்தேகப்படுகிறேன்? நான் பையோடு வந்து நின்ற அன்று ஒரு கேள்வியும் கேட்காமல் பையை வாங்கி மாடிக்குக் கொண்டுபோனவனையா?

"மேஸ்திரி, மழைத் தண்ணி இங்க நின்னப்போ கீழ ஈரம் இறங்கலதானே?"

"இறங்கல. நானே பார்த்தேன். அதுல பொய் இல்ல."

"அப்ப எதுல பொய் இருக்கு?"

கேட்டுவிட்டு அவளே திடுக்கிட்டாள். மேஸ்திரி சிரித்து மழுப்பினார். "என்னம்மா வக்கீல் மாதிரி மடக்குறீங்க. முதலாளி டைல் போடச் சொன்னாரு, போட்டாச்சு. அவரைக் கேளுங்க."

எட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

மேசையில் உட்கார்ந்து படங்களைக் கணினிக்கு மாற்றினாள். கடிதத்தோடு வைக்கும் படங்களை வேலை நடந்த வரிசையில் அடுக்குவது அவள் பழக்கம். பூச்சு, அதற்கு முன் குழாய், அதற்கு முன் வெறும் தளம். அப்படி அடுக்கும்போது மழை நாளில் எடுத்த படமும் வந்து நின்றது. வேடிக்கையாக இருக்கிறதென்று அன்றைக்கு எடுத்தது. பள்ளம் முழுக்கத் தெளிந்த தண்ணீர், அதில் சன்னல் திறப்பும் ஒரு துண்டு மேகமும் தலைகீழாக. அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை.

அதைக் கடிதத்தில் வைத்துவிடலாம் என்று இழுத்தாள். இன்று எடுத்த படத்துக்குப் பக்கத்தில் போய் அது உட்கார்ந்தது. பச்சைத் தரை, மூலையில் தண்ணீர் போகும் வட்டமான துளை. மழைப் படத்தில் அதே மூலை.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் வேறு அறையோ என்று தோன்றியது. இல்லை, அதே சன்னல். பள்ளத்தின் பக்கச் சுவரில், கழிவுநீர்க் குழாய் வெளியே போகும் இடத்தில், மழைப் படத்தில் குழாய் இல்லை. குழாய்க்கான ஓட்டையும் இல்லை. கறுப்புப் பூச்சு இடைவெளியே இல்லாமல் சுவர் முழுக்க ஓடியிருந்தது.

ஓட்டை இருந்திருந்தால் தண்ணீர் எப்படி ஒரு வாரம் நின்றிருக்கும்?

அவ்வளவு எளிமையான விஷயம். இத்தனை நேரம் ஆடிய கால் இதுதானா? அவளுக்கு நிம்மதி வருவதற்குப் பதிலாகக் குழப்பம் கூடியது. மழை சோதித்தது வேறொரு குளியலறையை. ஓட்டை போடாத, குழாய் நுழையாத, யாரும் குளிக்க முடியாத ஒரு குளியலறையை. அது கசியவில்லை. பிறகு அதே பூச்சை உடைத்து ஓட்டை போட்டு, குழாயை நுழைத்து, சுற்றி அடைத்து, மேலே நிரப்பி, டைல் ஒட்டியிருக்கிறார்கள். கசிந்தால் அந்த வளையத்தில்தான் கசியும். அங்கே ஒரு நாள்கூடத் தண்ணீர் நிற்கவில்லை.

அண்ணன் சாயங்காலம் வந்தான். கூடவே அண்ணி, கையில் முறத்தோடு, சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டாள். கடிதம் போகிற நாளில் அவளும் வந்து நிற்பாள். சம்பளக் கணக்கு அவள் பொறுப்பு.

"ஆச்சா?"

"அண்ணா, மேல் பாத்ரூம்ல அவுட்லெட் குழாய் எப்ப போட்டீங்க?"

அவன் ஹெல்மெட் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தில் அவனுக்கும் அது தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்திருக்க வேண்டாம் என்று பதறினாள்.

"மழைக்கு அப்புறம். அந்த வளைவுக் குழாய், பெண்ட், வரவே லேட்டாச்சு. பூச்சுக்காரன் காத்திருக்க மாட்டேன்னான். என்ன பண்ணச் சொல்ற?"

"அப்ப குழாயைச் சுத்தித் தண்ணி நிக்கவே இல்லையே."

"சுத்தி நல்லா அடைச்சிருக்கு கமா. நானே குனிஞ்சு பார்த்தேன். ரெண்டு கோட்டு பூச்சு கையால அடிச்சிருக்கு."

"கசியாதா?"

"கசியாதுன்னுதான் நினைக்கிறேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் திணறடித்தது. அவன் அப்படித்தான் நினைக்கிறான். அநேகமாகக் கசியாது. நூறு வீட்டில் தொண்ணூறில் கசியாதாக இருக்கலாம். நடக்காத ஒன்றுக்காக இவ்வளவு யோசிக்கிறோமோ?

"இப்ப தண்ணி விட்டுப் பார்த்தா என்ன? அடைச்சிட்டு ரூம்ல தண்ணி நிரப்பி…"

"டைல் மேல நிரப்பினா டைலைத்தான் டெஸ்ட் பண்ணுவ. குழாய் கீழ இருக்கு. அதைப் பார்க்கணும்னா அந்த மூலைய உடைச்சு, தோண்டி, குழாய் வாயை அடைச்சு, தண்ணி விட்டுக் காத்திருக்கணும். அப்புறம் திரும்ப டைல். அந்த லாட் கடையில தீர்ந்து போச்சு. வேற லாட் வாங்கினா பச்சை பச்சையோட சேராது. ஒட்டுப் போட்ட மாதிரி நிக்கும்."

"ஒரு ஓட்டைக்காகவா இவ்வளவு பேச்சு?" என்றாள் அண்ணி. "டைல் பசங்க காசு கேட்டு மூணு தடவை போன் பண்ணிட்டானுங்க. நாளைக்குக் கிளம்புறானுங்களாம். உங்க தங்கச்சி கமா வச்சு முடிக்கிறதுக்குள்ள அவனுங்க முற்றுப்புள்ளி வச்சிட்டுப் போயிடுவானுங்க."

"இரு, அவ யோசிக்கட்டும்" என்றான் அண்ணன்.

அவள் இன்னொரு பக்கத்தைத் திரையில் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். மதியம் முழுக்க உட்கார்ந்து எழுதியது.

"இதைப் படி. ஆறாம் கட்டத்துல பூச்சு, தடுப்புப் பூச்சு ரெண்டும் முடிஞ்சதுன்னு எழுதியிருக்கேன். டைல்ல எவ்வளவு முன்னாடியே செஞ்சிருக்கோம்னும் எழுதியிருக்கேன். குழாய் மூட்டுல தண்ணி தேக்கிப் பார்க்கல, அந்த மூலைய நம்ம செலவுல திறந்து பார்த்துட்டு எழுதுறோம்னு. டைல் ஆளுங்களுக்குக் கொடுக்குற அளவுக்கு மட்டும் நர்ஸம்மா கையிலிருந்து முன்னாடி தர முடியுமான்னு கேட்டு…"

அவன் படித்தான். உதடு அசைய அசைய, அவனுக்கே உரிய முறையில். அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழுதும் படித்துவிட்டு மெல்லத் தலையாட்டினான்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. இந்த லெட்டர் அங்க போச்சுன்னா நாளைக்கு அந்தம்மா அஸ்திவாரத்தையும் தோண்டிக் காட்டுன்னு கேக்கும். பேங்க்குல 'ஆறு முடியல'ன்னு ஓரமா வச்சிடுவான். நான் ஏழுல பாதிய முடிச்சிட்டு, ஆறுக்குக்கூடக் காசு இல்லாம நிப்பேன். கையிலிருந்து போட்டு வேலை பார்த்தவன் நான்தானே? இது நியாயமா, சொல்லு."

நியாயமில்லைதான். அவன் செய்த வேலைக்கான கூலி அவனுக்கு வர வேண்டும். முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னாலும் பின்னால் செய்ய வேண்டியதை முன்னாலும் செய்தான். ஆட்கள் கிடைக்கும்போது வேலை வாங்குகிறவன் வேறெப்படிச் செய்வான்? ஒப்பந்தத்தின் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படி போல இருக்கின்றன. வேலை அப்படி நடப்பதில்லை. அவளுடைய கடிதங்கள்தான் இதுவரை அதைப் படி போலக் காட்டி வந்திருக்கின்றன. அது பொய்யா, அழகா? இனி எதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வி வருமா?

"வேற மாதிரி செய்" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "பழைய லெட்டரே இருக்கட்டும். மழை, கிழை ஒண்ணும் வேண்டாம். 'தண்ணீர் தேக்கி மூன்று நாள் பார்த்ததில் கசிவு இல்லை.' அவ்வளவுதான். ஒரே வரி. பணம் வந்ததும் மொத வேலையா கீழ் ரூம் கூரைய நான் பார்த்துக்கிறேன். மழைக்காலம் முழுக்கப் பார்க்குறேன். ஈரம் வந்தா உடைச்சுச் சரி பண்ணிடுறேன். உன் தலைல அடிச்சுச் சொல்லட்டுமா?"

"என் தலை எதுக்கு? உன் தலை இருக்குல்ல" என்றாள் அவள். சிரிப்பு வரவில்லை.

"நீங்களே அடிச்சுக்கோங்க" என்றாள் அண்ணி கதவிலிருந்து. "'நான் எழுதினா அந்தம்மா நம்பாது, இவ எழுதினாத்தான் நம்பும்'னு சொல்லிச் சொல்லி இவளை மேலே ஏத்தி வச்சது யாரு? இப்ப இறங்கு இறங்குன்னா?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மாத்தான் இருக்கேன். சம்பளத்துக்கு நாளைக்கு என்னைத்தான் கேப்பானுங்க." முறத்தைத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அறையில் அவர்கள் இருவர் மட்டும். டைல் மாதிரி ஒன்று சுவரிலிருந்து சரிந்திருந்தது. அண்ணன் அதை எடுத்து நேராக வைத்தான்.

"எனக்கு யாரு இருக்கா கமா, உன்னை விட்டா. நாலு கடை ஏறி இறங்கி என்னால கல்லு மணலு வாங்க முடியும். இந்த மாதிரி எழுத முடியாது. உன்னை நம்பித்தான்…" முடிக்கவில்லை. அவன் தோளில் சிமெண்ட் படிந்திருந்தது. நாள் முழுக்க வெயிலில் நின்ற களைப்பு முகத்தில். அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. நான் யார் பக்கம் நிற்கிறேன்? நர்ஸம்மாவை நான் பார்த்ததே இல்லை. ஒரு குரல். இவன் என் பையைத் தூக்கியவன். கசியாமல்கூடப் போகலாம். அப்படிப் போனால் இந்த நாளைப் பற்றி நான் என்ன நினைத்துக்கொள்வேன்? கசிந்தால்? இரண்டில் எது என்று யாருக்குமே தெரியாது. எனக்கு அந்த ஒன்று மட்டும்தான் தெரியும்: தெரியாது.

விரல்களை விசைப்பலகையில் வைத்தாள். அண்ணன் நாற்காலியை அவள் பக்கத்தில் நகர்த்திக்கொண்டான்.

பழைய கடிதத்தைத் திறந்தாள். உள்பூச்சுக்கான பத்தியில் ஒரு சொல்லை மாற்றினாள். தொகை இருக்கும் இடத்தை ஒருமுறை கூட்டிப் பார்த்தாள், முன்பணத்தின் பங்கு கழிந்திருக்கிறதா என்று. சரியாக இருந்தது. தடுப்புப் பூச்சின் பத்தி முடிந்து, கீழே வெற்றிடம். கர்சர் அங்கே வந்து நின்று விட்டுவிட்டுத் துடித்தது.

"சொல்லட்டுமா?" என்றான் அவன். "தண்ணீர் தேக்கி…"

கீழ் அறையில் அந்தக் கட்டிலை அவள் பார்த்தாள். இன்னும் வாங்காத கட்டில். தூங்குவதற்கு முன்னால் கைப்பேசியில் கடிதத்தைத் திறந்து, கதவு இங்கே, சன்னல் இங்கே என்று நடந்துகொண்டு போகிற ஒருத்தி. இந்த வரி வரை வந்தால் நின்று பெருமூச்சு விடுவாள். பிறகு கண்ணை மூடிக்கொள்வாள்.

"தண்ணீர் தேக்கி மூன்று நாள்…" என்றான் அண்ணன் மறுபடியும், அவளுக்குக் கேட்கவில்லையோ என்று.

அவள் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு விசைப்பலகையை, அதன் வயர் மேசையில் கிடந்த கோப்புகளின் நடுவே சிக்காமல் பார்த்து, மெதுவாக அவன் பக்கம் தள்ளினாள்.

"மத்ததெல்லாம் நான் எழுதித் தரேன் அண்ணா" என்றாள். "இந்த வரி எனக்கு வேண்டாம்."